அடுக்குமாடிக் குடியிருப்பில் குழந்தைகள் விளையாட்டிடம்: 60 அடிக்கு 40 அடி மனையில் எதை எங்கே வைப்பது?

கேள்வி: தாம்பரம் பக்கத்தில் உள்ள எங்கள் குடியிருப்பில் விளையாட்டிடத்துக்கு 60 அடிக்கு 40 அடி இடம் ஒதுக்கியிருக்கிறோம். நீளவாட்டு கிழக்கு மேற்காக அமைந்துள்ளது. கிழக்கே கார் செல்லும் பாதை, வடக்கே எங்கள் பிளாக், மேற்கே காம்பவுண்டுச் சுவர், வடமேற்கு மூலையில் ஒரு புங்க மரம். 2 வயது முதல் 12 வயது வரை குழந்தைகள் இருக்கிறார்கள். சப்ளையர் கொடுத்த வரைபடத்தில் நடுவில் ஊஞ்சல், மேற்கு பார்த்த சறுக்கு, கார் பாதைப் பக்கம் வாசல், முழுவதும் செயற்கைப் புல். புங்க மரத்தை எடுத்துவிடலாம் என்கிறார். இப்படியே செய்யலாமா?

பதில்:

செய்ய வேண்டாம். அந்த வரைபடம் விளையாட்டுப் பொருள்களிலிருந்து தொடங்கியிருப்பதுதான் அதன் அடிப்படைக் கோளாறு. இத்தகைய இடத்தில் முதலில் வெயிலைப் பார்க்க வேண்டும். நிழல் எங்கே விழுகிறதோ அங்கேதான் பெற்றோர் உட்காருவார்கள். அவர்கள் உட்காரும் இடத்திலிருந்து கண்ணுக்கு எட்டும் இடத்தில்தான் சிறு குழந்தைகளின் பகுதி இருக்க வேண்டும். மற்றவை அதற்குப் பிறகு வருபவை. தொழிலுக்கு வந்த புதிதில் நானே ஒரு குடியிருப்பில் இதை மாற்றிச் செய்து பட்டிருக்கிறேன். கிழக்கு ஓரத்தில் அழகான கல் பெஞ்சுகள் போட்டேன். ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தபோது பெஞ்சுகள் காலியாக இருந்தன. மாலை வெயில் நேரே முகத்தில் அடித்ததால் தாய்மார்கள் வீட்டிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து மேற்குச் சுவரோரம், சறுக்கு மரத்துக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அங்கிருந்து வாசலும் தெரியவில்லை, சறுக்கின் கீழ்முனையும் தெரியவில்லை.

உங்கள் ஊரில் குழந்தைகள் விளையாட வருவது பெரும்பாலும் மாலை 4 மணிக்கு மேல். ஏப்ரல் கடைசி வாரத்தில் சென்னைப் பகுதியில் 4 மணிக்குச் சூரியன் ஏறத்தாழ நேர் மேற்கில், தரையிலிருந்து சுமார் 33 பாகை உயரத்தில் இருக்கும். 5 மணிக்கு அது 19 பாகை அளவுக்கு இறங்கிவிடும். அதாவது எந்தப் பொருளின் நிழலும் 4 மணிக்கு அதன் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கும், 5 மணிக்கு ஏறத்தாழ மூன்று மடங்கும் கிழக்கே நீளும். பலர் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான். சறுக்கு மரத்துக்கு நேர் மேலே 10 அடி உயரத்தில் துணிக்கூரை கட்டினால், 4 மணிக்கு அதன் நிழல் 15 அடி தள்ளி விழும். 5 மணிக்கு ஏறக்குறைய 30 அடி தள்ளி, கார் பாதையில்கூட விழலாம். நண்பகலில் எடுத்த புகைப்படத்தில் கூரையும் நிழலும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும்; ஆனால் நண்பகலில் அங்கே எந்தக் குழந்தையும் இருக்காது.

ஆகவே உங்களுக்கு வேண்டியது தலைக்கு மேல் கூரையை விட மேற்கு ஓரத்தில் உயரமான மறைப்பு. மேற்குச் சுவரை ஒட்டி 20 அடி உயரத்துக்கு மர வரிசை ஒன்று வளர்ந்துவிட்டால், 4 மணிக்கே பாதி மைதானம் நிழலாகிவிடும். 5 மணிக்கு நிழல் கிழக்கு எல்லையைத் தொட்டுவிடும். மே, ஜூன் மாதங்களில் மாலைச் சூரியன் நேர் மேற்கிலிருந்து 20 பாகை அளவுக்கு வடக்கே ஒதுங்கி நிற்கும் என்பதால், அந்த மாதங்களின் வெயில் உள்ளே வருவது வடமேற்கு மூலை வழியாகத்தான். உங்கள் புங்க மரம் சரியாக அந்த மூலையில் நிற்கிறது. அதை வெட்டச் சொன்னவர் மாலை 4 மணிக்கு அந்த இடத்தில் நின்று பார்த்திருக்க மாட்டார். அதற்குத் தெற்கே சுவரோரமாக 12 அடி இடைவெளியில் இன்னும் இரண்டு புங்கங்கன்றுகள் வையுங்கள். புங்கம் கோடை தொடங்குவதற்கு முன் இலை உதிர்த்து, வெயில் ஏறும்போது புதுத்தளிர் விட்டு அடர்ந்துவிடும் என்பது இந்த வேலைக்கு வசதி. அதன் காய்களை மட்டும் தவறாமல் பெருக்கி அகற்ற வேண்டும்; விதை வாயில் வைக்கக் கூடாதது. அரளியும் மஞ்சள் அரளியும் பூவுக்காகக்கூட இந்த வேலிக்குள் வரக் கூடாது, இரண்டும் நஞ்சு. முருங்கை கிளை முறியும், கம்பளிப்பூச்சியும் வரும். கன்றுகள் வளர மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். அதுவரை மேற்கு ஓரத்தில் 15 அடிக் கம்பங்கள் நட்டு, நிழல்வலையைப் பந்தலாகப் படுக்கைவாட்டில் விரிக்காமல், திரைபோலச் சாய்த்துக் கட்டுங்கள். வலையைக் கழற்றி இறக்கும்படி கொக்கிகள் இருக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்காலத்தில் புயல் எச்சரிக்கை வரும் நாளில் அதை இறக்கிவிடாவிட்டால் கம்பத்தையும் சேர்த்துக் காற்று சாய்த்துவிடும். கம்பத்தின் அடித்தளத்தை ஒரு கட்டமைப்புப் பொறியாளர் பார்க்கட்டும்.

நிழல் மேற்கில் என்று முடிவானதும் பெஞ்சின் இடம் தானாகத் தீர்ந்துவிடுகிறது. மேற்கு எல்லையில் 8 அடி அகலத்துக்கு ஒரு பட்டையை ஒதுக்குங்கள்: சுவரை ஒட்டி 3 அடி மரங்களுக்கு, அடுத்த 2 அடி பெஞ்சுகளுக்கு, அதற்கு முன்னால் 3 அடி நடைபாதை. உட்காருபவர்கள் சூரியனுக்கு முதுகு காட்டிக் கிழக்கு நோக்கி இருப்பார்கள். கண் கூசாது, மைதானம் முழுவதும் வெளிச்சம் படிந்து எதிரே தெரியும். வாசலைக் கார் பாதைப் பக்கத்திலிருந்து எடுத்து, வடக்கு வேலியில், இந்த நடைபாதை தொடங்கும் இடத்தில் வையுங்கள். பிளாக்கிலிருந்து நேரே வரலாம். வெளியே போகும் எந்தக் குழந்தையும் பெஞ்சைத் தாண்டாமல் போக முடியாது. கதவு தானாக மூடிக்கொள்வதாகவும், தாழ்ப்பாள் பெரியவர் கைக்கு எட்டும் உயரத்திலும் இருக்கட்டும். கிழக்கு வேலியில் திறப்பே வேண்டாம்.

அடுத்து வயதுப் பகுதிகள். இதில் இரண்டு வகையான தவறுகள் நடக்கின்றன. ஒன்று, எல்லா வயதினரையும் ஒரே பொருளில் ஏற்றுவது. 9 வயதுப் பையன் ஓடிவந்து இறங்கும் சறுக்கின் கீழே 3 வயதுக் குழந்தை நின்றுகொண்டிருக்கும். இன்னொன்று, அதற்குப் பயந்து சிறியவர்களை ஒரு மூலையிலும் பெரியவர்களை எதிர்மூலையிலும் கொண்டுபோய் வைப்பது. உங்கள் குடியிருப்பில் ஒரு தாய் 3 வயதுப் பிள்ளையையும் 8 வயதுப் பிள்ளையையும் ஒன்றாகக் கூட்டிக்கொண்டு வருவார். இரண்டு பகுதிகளும் ஒரே பெஞ்சிலிருந்து தெரியாவிட்டால் அவர் சிறிய பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பெரியவர்கள் பகுதிக்குத்தான் போவார், நீங்கள் பிரித்த பிரிவு அன்றைக்கே அழிந்துவிடும். ஆகவே பகுதிகள் அடுத்தடுத்து இருக்க வேண்டும். நடுவே தாழ்வான ஒரு விளிம்பும் நடைபாதையும் இருந்தால் போதும்.

உங்கள் மனையில் இது இப்படி அமையும். மேற்குப் பட்டைக்கு 8 அடி போக, கிழக்குக் கோடியில் 22 அடியை ஊஞ்சலுக்கு விடுங்கள். நடுவே மிஞ்சுவது 30 அடி. அந்த 30 அடி அகலத்தில் வடக்கே 14 அடி 2 முதல் 5 வயது வரையுள்ளவர்களுக்கு; அடுத்து கிழக்கு மேற்காக ஓடும் 4 அடி நடைபாதை; தெற்கே 22 அடி 5 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. சிறியவர்கள் பகுதி வாசலுக்கும் பெஞ்சுக்கும் மிக அருகே வந்துவிடுகிறது. பெரிய பிள்ளைகள் வாசலில் நுழைந்து, பெஞ்சுகளின் முன்னால் நடந்து, நடுப்பாதையில் திரும்பித் தங்கள் இடத்துக்குப் போவார்கள். சிறியவர்களை ஊடறுத்து ஓட வேண்டியதில்லை. 11, 12 வயதுப் பிள்ளைகளுக்கு உண்மையில் வேண்டியது பந்து விளையாட ஓர் இடம். அதை இந்த வேலிக்குள் கொண்டுவர முயலாதீர்கள், இடம் போதாது.

ஊஞ்சலுக்கு 22 அடி ஏன் என்று சங்கக் கூட்டத்தில் கட்டாயம் கேட்பார்கள். ஓர் ஊஞ்சலுக்கு முன்னாலும் பின்னாலும், அதன் மேல்குழாயின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரம் காலியாக இருக்க வேண்டும் என்பது அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டி சொல்லும் கணக்கு. மேல்குழாய் 7 அடி என்றால் முன்னால் 14, பின்னால் 14, ஆக 28 அடி. பக்கவாட்டில் சட்டத்தைச் சுற்றி 6 அடி. இரண்டு இருக்கை கொண்ட சட்டம் 10 அடி அகலம் என்று வைத்தால், பக்கவாட்டுத் தேவை 22 அடி. ஒரே சட்டத்தில் இரண்டுக்கு மேல் இருக்கை வேண்டாம். மூன்று இருக்கை இருந்தால், நடு இருக்கைக்குப் போகும் குழந்தை ஆடும் ஊஞ்சலைத் தாண்டித்தான் போக வேண்டும். ஊஞ்சல் வடக்கு தெற்காக ஆடும்படி நிறுத்துங்கள். அப்போது 28 அடி உங்கள் 40 அடிக்குள் அடங்கும், ஆடும் பிள்ளையின் முகத்தில் மேற்கு வெயில் அடிக்காது, பெஞ்சில் இருப்பவருக்கு ஊஞ்சல் பக்கவாட்டில் தெரியும். பக்கவாட்டுப் பார்வைக்கு ஒரு தனிப் பயன் உண்டு: ஊஞ்சலின் பாதையில் யாராவது குறுக்கே வந்தால் அந்த இடைவெளி உடனே கண்ணில் படும், நேர் எதிரிலிருந்து பார்த்தால் ஊஞ்சலும் குழந்தையும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியுமே தவிர, தூரம் பிடிபடாது. நடுப்பாதை வந்து சேர்வது சட்டத்தின் பக்கவாட்டுக் காலருகே என்பதால், வரும் பிள்ளைகள் ஆடும் திசைக்குள் நுழைய மாட்டார்கள். ஊஞ்சல் பகுதிக்கும் மற்றதற்கும் நடுவே இரண்டரை அடி உயரக் கம்பித் தடுப்பு, நடுப்பாதை முடியும் இடத்தில் மட்டும் திறப்பு. நடுவில் ஊஞ்சல் வைத்த உங்கள் சப்ளையரின் வரைபடத்தில் எல்லாத் திசையிலிருந்தும் ஓடிவரும் வழிகள் ஊஞ்சலின் குறுக்கே போகின்றன.

சறுக்கு கிழக்கு நோக்கி இறங்கட்டும். மேற்கு நோக்கி 30 பாகை சாய்ந்த சறுக்கில் 4 மணி வெயில் ஏறக்குறைய நேராகக் குத்தும். அதே சறுக்கைத் திருப்பிக் கிழக்கு பார்க்க வைத்தால் வெயில் அதன் பரப்பை உரசிக்கொண்டு மட்டும் போகும். ஃபைபர் சறுக்கானாலும் தகடானாலும், தொடையில் சூடு போடுவதும் போடாததும் இந்தத் திருப்பத்தில் இருக்கிறது. பெரிய பிள்ளைகள் பகுதிக்கு மேடை உயரம் 4 அடிக்கு மேல் வேண்டாம். ஏணி, மேடை, சறுக்கு எல்லாம் சேர்த்து 14 அடி நீளம், 10 அடி அகலம் உள்ள மல்ட்டிப்ளே ஒன்று, சுற்றிலும் 6 அடி விட்டு, உங்கள் 30க்கு 22 அடியில் சரியாக உட்காரும். சிறியவர்களுக்கு 3 அடிக்கு மிகாத மேடையுடன் ஒரு சறுக்கு, ஒரு ஸ்பிரிங் குதிரை, வேண்டுமானால் ஒரு பொம்மை வீடு.

பார்வைக் கோட்டைப் பற்றி எனக்கு ஒரே ஒரு தோராயக் கணக்கு உண்டு. உட்கார்ந்திருக்கும் பெரியவரின் கண் தரையிலிருந்து 4 அடிக்குச் சற்றுக் கீழே இருக்கும். 3 வயதுக் குழந்தையின் உயரம் 3 அடியை ஒட்டியது. ஆகவே தரையிலிருந்து 2 அடிக்குக் கீழும் 7 அடிக்கு மேலும் எதை வேண்டுமானாலும் அடர்த்தியாக வைக்கலாம். இடைப்பட்ட உயரத்தில் கம்பியாக இருக்கட்டும், பலகையாக வேண்டாம். செடி 2 அடிக்குள், மரக்கிளை 7 அடிக்கு மேல். சப்ளையர்கள் மல்ட்டிப்ளேயின் நான்கு பக்கமும் வண்ணப் பலகை அடிப்பார்கள். மேடைக்கு அடியில் பலகையை எடுக்கச் சொல்லுங்கள், பிள்ளைகள் ஒளிந்துகொள்ளும் இடம் அதுதான். குழாய்ச் சறுக்கு வேண்டாம்: உள்ளே ஒருவன் நின்றுவிட்டானா என்று வெளியிலிருந்து தெரியாது. பொம்மை வீட்டின் பெஞ்சுப் பக்கச் சுவரில் பெரிய சன்னல் இருக்க வேண்டும்.

தரைக்கு வருகிறேன். கான்கிரீட்டின் மேல் ஒட்டிய செயற்கைப் புல் விழும் குழந்தையைக் காக்காது. பச்சையாக இருப்பதால் மென்மை என்று தோன்றுகிறது, அவ்வளவுதான். போதாக்குறைக்கு வெயிலில் காலைச் சுடும். எந்தத் தரை வேண்டும் என்பதை விழும் உயரம்தான் தீர்மானிக்கிறது. முன்பு சொன்ன அதே வழிகாட்டி 9 அங்குல மணலுக்கு 4 அடி உயரம் வரைதான் பாதுகாப்பு என்கிறது. உங்கள் மேடையை 4 அடியில் நிறுத்தச் சொன்னதன் காரணம் இதுவே. விலை உயர்ந்த தரையைப் போட்டு உயரத்தைக் கூட்டுவதை விட, உயரத்தைக் குறைத்து மணலில் முடிப்பது உங்கள் சங்கத்துக்குக் கட்டுப்படியாகும்.

சிறியவர்கள் பகுதி, பெரிய பிள்ளைகள் பகுதி இரண்டுக்கும் மணல் போடுங்கள். 9 அங்குலம் எப்போதும் இருக்க வேண்டுமென்றால் தொடக்கத்தில் 1 அடி கொட்ட வேண்டும்; பிள்ளைகள் கலைப்பார்கள், காலோடு போகும். 30க்கு 36 அடிக்கு 1,080 கன அடி, ஏறத்தாழ 11 யூனிட். கழுவிய, உருண்டைப் பரலான மணலாகப் பாருங்கள். கட்டுமானத்துக்கு வரும் எம்-சாண்ட் இதற்கு ஆகாது. அதன் கூர்முனைப் பரலும் கல்தூளும் இரண்டு மழையில் ஒன்றோடொன்று இறுகிவிடும். லாரி வந்ததும் ஒரு கண்ணாடிப் புட்டியில் பாதி மணல், மீதி தண்ணீர் விட்டுக் குலுக்கி ஒரு மணி நேரம் வையுங்கள். மணலின் மேல் வண்டல் ஒரு படலமாகப் படியும். படலம் தடித்துத் தெரிந்தால் லாரியைத் திருப்பி அனுப்புங்கள். ஈரமணலை உருட்டிக் காயவைத்தால் தொட்டதும் உதிர வேண்டும். கட்டியாக நின்றால் அந்த மணல் தரையாகிவிடும். மணலுக்கு அடியில் 4 அங்குலம் ஜல்லி, அதன்மேல் வடிகட்டும் துணி, ஜல்லிக்குள் ஓட்டையிட்ட குழாய் ஒன்று மழைநீர் வடிகாலுக்கு. வடிகால் இல்லாத மணற்குழி ஐப்பசியில் குளமாகி, கார்த்திகையில் கொசு வளர்க்கும். பூனை, நாய் அசுத்தம் செய்வதுதான் மணலின் பெரிய குறை. வேலியின் அடியில் நாய் நுழையாதபடி இடைவெளியை அடைத்து, சிறியவர்கள் பகுதியை இரவில் வலையால் மூடி, காலையில் சீவி விடும் பொறுப்பைத் தோட்டக்காரரின் வேலைப் பட்டியலில் எழுதிவிடுங்கள். அதற்கு ஆள் கிடையாது என்றால் மணலே வேண்டாம்.

ஊஞ்சலுக்கு மட்டும் மணல் சரிப்படாது. 7 அடி மேல்குழாயின் உயரத்துக்கு 4 அடிக் கணக்கு போதாது. மேலும் தரையை உதைத்து உதைத்து இருக்கைக்குக் கீழே பள்ளம் விழும். கையில் உள்ள பணத்தை இங்கே செலவழியுங்கள்: ஈபிடிஎம் என்று சொல்லப்படும் ரப்பர் தரை, ஊஞ்சலின் பயன்பாட்டு எல்லை முழுவதற்கும், 22க்கு 28 அடி, 616 சதுர அடி. இதில் ஏமாற்று நடப்பது தடிமனில். மேலே தெரியும் வண்ணப் படலம் அலங்காரத்துக்கு. விழும் வேகத்தைத் தாங்குவது அதற்குக் கீழே உள்ள கறுப்பு ரப்பர்த் துகள் படலம். கான்கிரீட்டின் மேல் வண்ணப் படலத்தை மட்டும் ஒட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. ஆகவே ஒப்பந்தத்தில் சதுர அடி விலையோடு நிற்காமல், ‘7 அடி விழும் உயரத்துக்குத் தலைக்காயக் குறியீடு 1,000க்கு உட்பட்டிருப்பதற்கான சோதனைச் சான்றிதழ், அந்தத் தடிமனுக்கு உரியது’ என்று எழுதி வாங்குங்கள். விழும்போது தலையில் எவ்வளவு பலமாக அடிபடும் என்பதைச் சொல்லும் எண்தான் தலைக்காயக் குறியீடு. வேலை முடிந்த அன்று, விளிம்பில் ஐந்தாறு இடங்களில் மெல்லிய கம்பியைக் கான்கிரீட் தட்டும் வரை இறக்கிச் சான்றிதழில் உள்ள தடிமனோடு ஒப்பிடுங்கள். நிறம் வெளிர் மணல் நிறமாக இருக்கட்டும்; கருநீலமும் சிவப்பும் கண்ணுக்கு நன்றாக இருக்கும், 4 மணிக்கு உள்ளங்கையை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். மணற்பகுதியிலிருந்து வரும் மணலை இந்த ரப்பரிலிருந்து நாள்தோறும் பெருக்க வேண்டும், இல்லாவிட்டால் வழுக்கும், சீக்கிரம் தேயும்.

ஆர்டர் கொடுப்பதற்கு முன் ஒரு சனிக்கிழமை மாலை இதைச் செய்து பாருங்கள். நான் சொன்ன அளவுகளைக் கோலப்பொடியால் தரையில் கோடிட்டு, மேடை வரும் இடத்தில் 4 அடி உயரத்துக்கு அட்டைப் பெட்டிகளை அடுக்கி, மேற்கு ஓரத்தில் நாற்காலி போட்டு நாலைந்து பெற்றோரை உட்கார வையுங்கள். பிள்ளைகளை விளையாட விட்டு, 4 மணிக்கு ஒரு முறையும் 5 மணிக்கு ஒரு முறையும் ஒவ்வொருவரிடமும் வாசல் தெரிகிறதா, பெட்டிக்குப் பின்னால் நிற்பவன் தெரிகிறானா என்று கேளுங்கள். யாராவது நாற்காலியைத் தூக்கி நகர்த்தினால் தடுக்காமல், எங்கே கொண்டுபோய்ப் போடுகிறார்கள் என்று கோலப்பொடியால் குறித்துக்கொள்ளுங்கள். பெஞ்சின் கான்கிரீட்டை அந்தக் குறியில் ஊற்றுங்கள். சப்ளையருக்கான கடைசித் தவணையை முதல் பெருமழை முடிந்து, மணற்குழியில் தண்ணீர் வடிந்ததைப் பார்த்த பிறகு கொடுப்பதாக இப்போதே பேசிவிடுங்கள்.